பாக் நீரிணை மீனவர் சண்டைக்கு "யார் யார்" சார்ட் போடுறேன், நாலு வட்டம் போதுமா?

மண்டபம்_டைரி
எல்லாருக்கும் வணக்கம். நான் சமூகப்பணி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், ஃபீல்ட் ஒர்க்குக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு தொண்டு நிறுவனத்துல போட்டிருக்காங்க. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ரெண்டு கரையில இருந்தும் ஜனங்க வருவாங்கல்ல, அந்த சமயத்துல ரெண்டு பக்கத்து மீனவர்களையும் ஒண்ணா உட்கார வச்சு ஒரு சமாதானக் கூட்டம் நடத்தலாம்னு இங்க ஒரு யோசனை ஓடுது. எங்க மேடம், கூட்டத்தப் பத்தி பேசறதுக்கு முன்னாடி இதுல யார் யார் இருக்காங்க, யாருக்கு என்ன வேணும், யாருக்கும் யாருக்கும் என்ன உறவு, பழைய கதை என்ன, எல்லாத்தையும் ஒரு சார்ட்டுல வரைஞ்சு எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாங்க.

நான் நாலு வட்டம் போட்டேன். தமிழ்நாட்டு மீனவர், இலங்கைத் தமிழ் மீனவர், இலங்கை கடற்படை, ரெண்டு நாட்டு அரசாங்கம். தமிழ்நாட்டு மீனவருக்கும் கடற்படைக்கும் நடுவுல சிவப்புக் கோடு, ரெண்டு பக்கத்து மீனவருக்கும் நடுவுல ஒரு மஞ்சள் கோடு. பாத்தா சரியாத்தான் தெரியுது ஆனா இத வச்சு அடுத்து என்ன செய்யணும்னு எனக்கே புரியல. எதையோ விட்டுட்டேன்னு தோணுது. சொல்லுங்க.

நாட்டிகல்
வரைபடம் வேணும்னா டேராடூன்ல இருக்கற தேசிய நீர்ப்பரப்பு வரைவியல் அலுவலகம் போடற சார்ட் வாங்குங்க, அதுல சர்வதேச கடல் எல்லை தெளிவா இருக்கும். படகுல ஜிபிஎஸ் இருந்தா எல்லைக்கோட்டு புள்ளிகள ஏத்திட்டு அலாரம் வச்சுக்கலாம். தெரியாம தாண்டறதாலதான் பாதிப் பிரச்சனையே, எல்லாருக்கும் அந்தக் கருவி குடுத்தாலே போதும்.

மண்டபம்_டைரி
அண்ணே நான் கேட்டது கடல் வரைபடம் இல்ல, பிரச்சனையோட வரைபடம் 🙂 ஆட்கள வட்டமாவும் உறவ கோடாவும் போடறது. ஆனா "தெரியாம தாண்டறாங்க"ங்கறது நிஜமான்னு எனக்கும் ஒரு கேள்வி இருக்கு.

எல்லைக்கோடு
இதுல வரையறதுக்கு என்ன இருக்கு. 1974-ல கச்சத்தீவ தூக்கிக் குடுத்தாங்க, 1976-ல மீன்பிடி உரிமையும் போச்சு. அதுக்கு முன்னாடி சண்டை இருந்துச்சா? இல்ல. கச்சத்தீவு திரும்பி வந்தா பிரச்சனை முடிஞ்சுது. உங்க சார்ட்டுல ஒரே ஒரு வட்டம்தான் தேவை, டெல்லி.

கரைவலை62
எல்லைக்கோடு தம்பி சொல்றதுல பாதி சரி, அந்தப் பாதிய மொதல்ல ஒத்துக்கறேன். 1974 ஒப்பந்தத்துல நம்ம மீனவரும் யாத்ரீகரும் கச்சத்தீவுக்கு வழக்கம்போல போய் வரலாம்னு ஒரு ஷரத்து இருக்கு, 1976-ல ரெண்டு அரசும் கடிதம் மாத்திக்கிட்டப்போ ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் அனுமதி இல்லாம மீன் பிடிக்கக்கூடாதுன்னு ஆயிடுச்சு. கேக்காம முடிவு பண்ணிட்டாங்கங்கற வலி இந்தக் கரையில நிஜமானது, எந்தச் சார்ட் போட்டாலும் அது இருக்கணும்.

இன்னொரு பாதிக்கு வாங்க. அந்தத் தீவு 285 ஏக்கர், எல்லைக்கோடு அதுக்கு மேற்கே சுமார் ஒரு மைல்ல போகுது. நம்ம விசைப்படகு நிக்கற இடம் தீவு ஓரம் மட்டும் இல்ல. நெடுந்தீவு பக்கம், இன்னும் உள்ள யாழ்ப்பாணக் கரையில விளக்கு தெரியற தூரம் வரைக்கும் போகுது. தீவு நாளைக்கே வந்தாலும் அந்தத் தூரம் அப்படியே இருக்கும். தெரியாம தாண்டறதும் நடக்குது, காத்தடிச்சா, இன்ஜின் நின்னா. ஆனா முக்கால்வாசி பேர் தெரிஞ்சுதான் போறாங்க, ஏன் போறாங்கன்னு கேட்டாத்தான் வரைபடமே ஆரம்பிக்குது.

இப்ப உங்களுக்கு, மண்டபம் தங்கச்சி. மொதல் வட்டமே தப்பு. "தமிழ்நாட்டு மீனவர்"னு ஒரு ஆள் கிடையாது. நான் இருபது வருஷத்துக்கு மேல இந்தக் கரையில வேலை பாத்தவன், அந்த வட்டத்த உடைக்காம போன கூட்டம் ஒவ்வொண்ணும் எங்க முட்டி நின்னுச்சுன்னு பாத்திருக்கேன்.

உடைச்சா என்ன வரும்னா, மொதல்ல விசைப்படகு ஓனர். அவர்ல பாதி பேர் கடலுக்கே போறதில்ல. அடுத்து டிரைவர், படகு எங்க போகணும்னு ராத்திரி முடிவெடுக்கறது அவர்தான், ஆனா வெறுங்கையோட திரும்பினா அடுத்த தடவ படகு கிடைக்காது. அப்புறம் பங்குக்கு போற தொழிலாளி, செலவு போக மிச்சத்துலதான் அவருக்கு. டீசல் மட்டும் ஒரு தடவைக்கு சில நூறு லிட்டர், அது எடுத்தாத்தான் பங்கே. அதுக்குப் பக்கத்துல இறால் கம்பெனி ஏஜெண்ட், ஓனருக்கு முன்பணம் குடுத்து வச்சிருப்பார், பிடிச்சதெல்லாம் அவர்கிட்டத்தான் போகணும். இவங்களுக்கு எதிர்ல, இதே ஊர்ல, இதே கோயில்ல கும்பிடற நாட்டுப்படகுக்காரர். விசைப்படகு வலைய அறுத்துட்டுப் போற கதை அவருக்கும் உண்டு. ஒரே கடல்ல ஒண்ணா போனா அடிதடின்னுதான பாக் நீரிணையில விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு பிரிச்சு வச்சிருக்கோம்? கரையில இருந்து மூணு கடல்மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு 1983 சட்டத்துல எழுதி வச்சதும் அதனாலதான?

சண்டை கடல் எல்லையில மட்டும் இல்ல, உங்க மொதல் வட்டத்துக்குள்ளயே ஒரு எல்லை ஓடுது. நீங்க சிவப்பு பேனாவ அங்கதான் மொதல்ல வைக்கணும்.

தங்கச்சிமடம்_பொண்ணு
எங்க அப்பா டிரைவர். கரைவலை ஐயா சொன்னது அப்படியே எங்க வீடு. ஒண்ணு சேத்துக்கறேன், பிடிபட்டா யாருக்கு என்ன ஆகுதுன்னு தனியா எழுதுங்க. முன்னாடியெல்லாம் கொஞ்ச நாள் வச்சுட்டு எல்லாரையும் ஒண்ணா விட்டுருவாங்க. 2024-ல இருந்து அங்க கோர்ட்டுல மத்தவங்கள விட்டுட்டு டிரைவருக்கு மட்டும் ஆறு மாசம், ரெண்டாவது தடவ மாட்டினவங்களுக்கு அதுக்கும் மேல குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. படகு போனா ஓனருக்கு நஷ்டம், கவர்மெண்ட் நிவாரணம்னு ஏதோ வரும். அப்பா உள்ள போனா எங்களுக்கு அரிசி யாரு போடறது. அன்னைக்கு ராத்திரி போகச் சொன்னது யாருன்னு எந்த பேப்பர்லயும் வராது.

இது வரைக்கும் எத்தனையோ கூட்டம் நடந்திருக்கு, எங்கப்பாவ மாதிரி ஆள ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. போறது எல்லாம் சங்கத் தலைவர், அவரும் ஓனர்.

மண்டபம்_டைரி
இத படிச்சதும் என் சார்ட்ட கிழிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சேன் அக்கா. முடிவெடுக்கறவர் ஒருத்தர், போறவர் ஒருத்தர், உள்ள போறவர் ஒருத்தர்னு இருக்கும்போது ஒரே வட்டத்துல "மீனவர்"னு எழுதினது எவ்ளோ தப்புன்னு இப்பத்தான் தெரியுது.

ஊராட்சி_செல்வம்
எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு பிரச்சனை, அதனால சொல்றேன். கண்மாய் தண்ணி சண்டை, மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும். தாசில்தார் வந்து ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு பேர உட்கார வச்சு கையெழுத்து வாங்கிட்டுப் போனார், மூணாம் நாள் மடைய திறந்துட்டாங்க. ஏன்னு பாத்தா திறக்கறது நீர்பாய்ச்சிங்க, அவர கூப்பிடவே இல்ல, அவருக்கு நெல்லா கூலி குடுக்கறது மேல்மடையில ரெண்டே குடும்பம். அந்த ரெண்டு குடும்பத்துக்கும் நிலம் குத்தகைக்கு விட்டவர் மதுரையில இருக்கார். மதுரைக்காரர போய் பாத்தப்புறம்தான் விஷயம் நகர்ந்துச்சு. கடல் விவகாரம் எனக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் "இவர் யார் போன் பண்ணா எடுப்பார்"னு கேட்டுப் பாருங்க.

கரைவலை62
செல்வம் சொன்ன கேள்விய நான் வேற மாதிரி கேப்பேன், "யாருகிட்ட கடன் பட்டிருக்கார்". ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டு போகும்.

வடமராட்சியான்
வணக்கம். நான் யாழ்ப்பாணப் பக்கம், அப்பா கடற்தொழில், நான் எங்கட கடற்தொழிலாளர் சங்கத்தில கணக்கு எழுதுறன். இந்த இழைய வாசிச்சுக்கொண்டு வந்தன், எங்கட பக்கத்த "இலங்கைத் தமிழ் மீனவர்" எண்டு ஒரு வட்டத்தில போட்டுட்டு ஒருத்தரும் அத உடைக்கேல்ல, அதால எழுதுறன்.

எங்களிட்ட இருக்கிறது பதினெட்டு இருபது அடி ஃபைபர் போட், வெளி இணைப்பு இயந்திரம், நண்டு வலை இல்லாட்டி செவுள் வலை. பின்னேரம் வலைய விட்டுட்டு விடியத்தான் தூக்குவம். இடையில ராத்திரி உங்கட விசைப்படகு, இழுவைமடி போடுறத நாங்கள் றோலர் எண்டுவம், அது வந்து இழுத்தால் வலை துண்டு துண்டாத்தான் மிஞ்சும். ஒருக்கா எங்கட அப்பா விடிய போய் மிதப்புக் கட்டையள மட்டும் அள்ளிக்கொண்டு வந்து முத்தத்தில கொட்டினவர், கயிறு எல்லாம் ஒரே அளவில அறுந்து கிடந்தது. அந்த வலை கடனுக்கு எடுத்தது. கடன் இன்னும் இருக்கு.

ஆனா எங்கட பக்கமும் ஒண்டு இல்ல. குருநகரில சின்ன றோலர் வச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம். 2017 இல எங்கட பாராளுமன்றத்தில இழுவைமடிய முழுசா தடை செய்து சட்டம் வந்தது, அப்ப எங்கட எம்.பி.யா இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையில தொடங்கினது. அது இந்தியப் படகுக்கு மட்டும் இல்ல, குருநகருக்கும் சேர்த்துத்தான். அதால அவையள் எங்களோட சேர்ந்து இந்திய றோலருக்கு எதிரா நிப்பினம், சட்டத்த முழுசா அமுல்படுத்து எண்டா நிக்க மாட்டினம். அதோட தெற்கில இருந்து வந்து கடலட்டை பிடிக்கிற ஆக்களோட வடமராட்சி கிழக்கில, முல்லைத்தீவில எங்களுக்கு வேற சண்டை இருக்கு. எங்கட மீன்பிடி அமைச்சு இந்தியாவோட கதைக்கேக்க எங்கள முன்னுக்கு நிப்பாட்டும், தெற்கு ஆக்கள பற்றிக் கதைச்சால் காது கேளாது.

இன்னொண்டு, இது முக்கியம். சண்டை நேரம் எங்கட சனம் படகேறி வந்து உங்கட மண்டபம் முகாமிலதான் தஞ்சம் இருந்தது. எங்கட மாமா குடும்பம் அங்கதான் வளர்ந்தது. அதால எங்கட ஆக்கள் உங்கட மீனவர எதிரி எண்டு சொல்ல மாட்டினம், வாய் வராது. மஞ்சள் கோடு போட்டிருக்கிறீங்கள், சரி, ஆனா அதுக்குள்ள ஒரு பச்சைக் கோடும் இருக்கு, ரெண்டும் சேர்ந்து கிடக்குது. அந்த நன்றிக்கடனாலயே கன வருசம் எங்கட அரசியல்வாதிமார் ஒருத்தரும் றோலரப் பற்றி வாய் திறக்கேல்ல.

மண்டபம்_டைரி
வடமராட்சி அண்ணா, நன்றி. ரெண்டு கோடும் ஒரே இடத்துல போடலாம்னு எனக்குத் தோணவே இல்ல, நட்புன்னா ஒரு நிறம் பகைன்னா ஒரு நிறம்னு நினைச்சிட்டு இருந்தேன். பழைய கதைய எப்படி எழுதறது? நான் 1974-ல ஆரம்பிச்சு வருஷ வாரியா எழுதியிருக்கேன்.

கரைவலை62
இங்கதான் நான் பாத்த ஒரு விஷயத்த சொல்லணும். பல வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு கரையிலயும் தனித்தனியா, பழுப்புத்தாள நீளமா விரிச்சு வச்சு, "இந்தப் பிரச்சனை எப்ப ஆரம்பிச்சுது, மொதல் புள்ளிய நீங்களே வைங்க"ன்னு மட்டும் சொன்னோம். நாங்க ஒண்ணும் எழுதல.

ராமேஸ்வரத்துல ஒரு பெரியவர் எந்திரிச்சு வந்து 1974-னு மொதல் புள்ளி வச்சார். அடுத்து 1983-க்கு அப்புறம் வரிசையா புள்ளி, ஒவ்வொண்ணும் ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு பேரு, சில இடத்துல எழுத முடியாம உட்கார்ந்துட்டாங்க. அவங்க தாள்ல 1983-ல இருந்து 2009 வரைக்கும்தான் அடர்த்தி.

அந்தக் கரையில விரிச்ச தாள்ல மொதல் புள்ளி 2009. யுத்தம் முடிஞ்சு நாங்க கடலுக்குத் திரும்பினோம், பாத்தா எங்க கடல்ல வேற படகு நிக்குதுன்னு. 1983-க்கும் 2009-க்கும் நடுவுல என்ன எழுதறதுன்னு கேட்டப்போ ஒருத்தர் குறுக்க ஒரு கோடு இழுத்து "கடல் தடை"னு ஒரே வார்த்தை எழுதினார். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரே வார்த்தை.

ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு பாத்தப்போ எனக்கு அதுவரைக்கும் புரியாத ஒண்ணு புரிஞ்சுது. அவங்க கடலுக்குப் போக முடியாத அதே காலத்துலதான் இங்க இறால் விலை ஏறி, விசைப்படகு பெருகி, அந்தக் காலியான கடல நம்பி கடன் வாங்கி படகு கட்டினாங்க. இங்க இருக்கறவருக்கு அது "நாங்க பரம்பரையா போற கடல்", அங்க இருக்கறவருக்கு அது "நாங்க இல்லாதப்ப நுழைஞ்ச கடல்". ரெண்டு பேரும் பொய் சொல்லல. நீங்க மட்டும் தனியா உட்கார்ந்து 1974-ல ஆரம்பிச்சு எழுதினா நீங்க ஒரு கரையோட தாளத்தான் எழுதறீங்க. அந்த எதிர்க்கரை ஆள் பாத்தவுடனே கண்டுபிடிச்சுருவார், அப்புறம் உங்கள நம்ப மாட்டார்.

எல்லைக்கோடு
அப்ப 1974-ஐ விட்டுடச் சொல்றீங்களா? செத்தவங்க பேர் இருக்கற தாள் அது.

கரைவலை62
விடச் சொல்லல தம்பி. ரெண்டு தாளையும் வைக்கச் சொல்றேன், கலக்காம, தனித்தனியா. ஒண்ணா கலந்து "பொது வரலாறு"ன்னு எழுதப் போனா யாரோ ஒருத்தர் வலி சின்னதாயிடும்.

எல்லைக்கோடு
சரி. அதுக்கு நான் மறுப்பு சொல்லல. கச்சத்தீவு விஷயத்துல என் கருத்து மாறல.

மண்டபம்_டைரி
இப்ப "யாருக்கு என்ன வேணும்"ங்கற பகுதி. நான் எழுதினது, விசைப்படகு ஓனர்: எல்லைக்கு அப்பால மீன் பிடிக்கற உரிமை வேணும். வட இலங்கை மீனவர்: இந்தியப் படகு வரக்கூடாது. இப்படி எழுதினா ரெண்டும் நேருக்கு நேர் மோதுது, நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி தெரியுது.

கரைவலை62
அது அவங்க வாயில சொல்றது. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தோண்டணும், தோண்டாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம கண் முன்னாடியே ஒரு உதாரணம் இருக்கு.

2017-ல ஒரு திட்டம் வந்துச்சு. பாக் நீரிணை இழுவைப்படகுகள்ல 2000 படகை மூணு வருஷத்துல ஆழ்கடல் சூரை பிடிக்கற தூண்டில் படகா மாத்தறது. படகு ஒண்ணு 80 லட்சம். அதுல மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், பேங்க் கடன் 20, ஓனர் கையில இருந்து 10. அதாவது 8 லட்சம் கட்டினா போதும், 16 லட்சம் கடன், மிச்சம் 56 லட்சம் அரசாங்கம். ஓனருக்கு வேண்டியது மீனும் வருமானமும்தான்னு எழுதி வச்சிருந்தா இதுக்கு கூட்டம் அலைமோதியிருக்கணும். அலைமோதல. மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா இலக்குல ஒரு சின்னப் பங்குதான்.

ஏன்னு ஓனர், டிரைவர் எல்லாரையும் தனித்தனியா கேட்டப்போ வந்த பதில கேளுங்க. பாக் நீரிணை 15 மீட்டர் ஆழத்துக்குள்ள இருக்கற கடல், சூரை அங்க வராது, மன்னார் வளைகுடா பக்கமோ வங்கக்கடலுக்கோ போகணும். இப்ப காலையில போனா மறுநாள் காலையில கரை. அங்க போனா ரெண்டு வாரம் மூணு வாரம் நடுக்கடல்ல. எங்க ஆட்களுக்கு அந்தத் தூண்டில் தொழிலே பழக்கம் இல்ல, கன்னியாகுமரி பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். பழைய கடன் ஏஜெண்ட்கிட்ட இறால் கணக்குல இருக்கு, சூரை பிடிச்சா அத எப்படி அடைக்கறது. பேங்க்ல அந்த 16 லட்சத்துக்கு ஜாமீன் யாரு. பங்குத் தொழிலாளிய கேட்டா, "ஓனருக்கு 56 லட்சம் மானியம், படகுல ஆள் கம்மியா போதுமாம், எனக்கு என்ன"ன்னான். அவனுக்கு அந்தத் திட்டத்துல ஒரு வரி கூட இல்ல.

அப்ப ஓனருக்கு நிஜமா வேண்டியது என்ன? "அக்கரைக் கடல்" இல்ல. பழைய கடன் அடையணும், ஒரே ராத்திரியில வீடு திரும்பற தொழில் வேணும், படகுக்கு ஒரு விலை வேணும். இத எழுதினீங்கன்னா நடுவுல கொஞ்சம் இடம் தெரியும். படகைத் திரும்ப வாங்கிக்கற பேச்சு, கடன் பேச்சு, இதுக்கெல்லாம் இலங்கைக்காரங்க மேஜையில இருக்கவே வேண்டியதில்ல. அது இங்கயே பேசி முடிக்க வேண்டியது.

தங்கச்சிமடம்_பொண்ணு
சூரை படகுக்கு எங்கப்பாவ கூப்பிட்டாங்க. போகல. "மூணு வாரம் கரைய பாக்காம இருக்க முடியாது, உங்க ஆத்தாளுக்கு உடம்பு சரியில்ல"ன்னாங்க. இதெல்லாம் எந்த அதிகாரியும் எழுதறதில்ல. அப்புறம் பொம்பளைங்களையும் போடுங்க, இறால் உரிக்கறது, கருவாடு போடறது, சீட்டுப் பணம் புரட்டறது எல்லாம் நாங்கதான். படகு ஓடலைன்னா மொதல்ல காயறது அந்தக் கூலி.

வடமராட்சியான்
கரைவலை ஐயா சொல்லுறது எல்லாம் விளங்குது. ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. 2010 இல எங்கட ஆக்கள் தமிழ்நாட்டுக்கு வந்து கதைச்சவை, ஒரு வருசத்தில இழுவைய நிப்பாட்டுறம் எண்டு கதை வந்தது. ரெண்டு அரசும் அத ஏற்கேல்ல. 2014 தை சென்னையில, அதே வருசம் மே கொழும்பில, 2015 மார்ச் திரும்ப சென்னையில. ஒவ்வொருக்காவும் இன்னும் காலம் தாங்கோ எண்டு கேட்டவை. 2016 கடைசியில டெல்லியில அமைச்சர்மார் இருந்து கூட்டுக் குழு எண்டவை. இத்தனை வருசமா ஒவ்வொரு ராத்திரியும் வலை அறுந்துகொண்டுதான் இருந்தது.

நீங்கள் வட்டம் போட்டு, கோடு போட்டு, யாருக்கு என்ன வேணும் எண்டு ஆராய ஆராய, அந்த நேரம் முழுக்க நட்டம் எங்களுக்குத்தான். பலம் உள்ள ஆளுக்கு நேரம் தேவை, எங்களுக்கு அந்த நேரம்தான் கடன். உங்கட சார்ட்டில இந்தக் கணக்கு எங்க வரும்? எங்களுக்கு வேண்டியது எளிமையானது, 2017 சட்டம், 2018 இல கூட்டின தண்டம், அத அமுல்படுத்தினால் காணும். கதைக்கிறத பிறகு பாப்பம்.

கரைவலை62
இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல தம்பி. நீங்க சொல்றது நியாயம், வட்டத்தோட அளவ பலத்துக்கு ஏத்த மாதிரி பெருசா சின்னதா போடச் சொல்வேன், ஆனா காலம் யாருக்குச் சாதகமா ஓடுதுன்னு எழுத எனக்கே தோணினதில்ல. மண்டபம் தங்கச்சி, ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்துல "இப்படியே இன்னும் ஒரு வருஷம் போனா இவருக்கு என்ன"ன்னு ஒரு வரி எழுதுங்க. இந்த ஆலோசனை அவரோடது, என்னோடது இல்ல.

கைது, தண்டம் மட்டும் போதும்ங்கறதுல மட்டும் எனக்கு சந்தேகம். 2018-க்கு அப்புறம் தண்டம் இலங்கைக் காசுல பதினேழரை கோடி வரைக்கும் போகுது, 2022-ல பிடிச்ச படகுகள ஏலமே விட்டாங்க, 2024-ல மட்டும் 500 பேருக்கு மேல பிடிபட்டாங்க. இன்னும் போறாங்க. உள்ள போறது தங்கச்சிமடத்துப் பொண்ணோட அப்பா, முடிவெடுக்கறது வேற ஆள், அதனாலதான்.

வடமராட்சியான்
அது உண்மை. ஆனா பிடிக்கேக்க ரெண்டு மூண்டு கிழமைக்கு றோலர் குறையும், எங்களுக்கு அந்த ரெண்டு கிழமை நண்டு வரும். அதையும் எழுதுங்கோ.

நாட்டிகல்
நான் மொதல்ல தப்பா புரிஞ்சுக்கிட்டேன், ஸாரி. ஒரு விஷயம் கேக்கறேன், கடற்படை ஒரு வட்டம்னு போட்டீங்களே, அவங்களுக்கும் மீன்பிடி அமைச்சகத்துக்கும் ஒரே நோக்கமா? நான் கப்பல்ல வேலை பாத்தவன், எந்த நாட்டுலயும் கடற்படைக்கு மீன் ரெண்டாம்பட்சம்தான், பாதுகாப்புதான் மொதல்ல.

கரைவலை62
நல்ல கேள்வி. பிரிக்கணும். கடற்படைக்கு யுத்த காலத்துல இருந்து அந்தக் கரையில ஒரு இருப்பு இருக்கு, எல்லைய காக்கறோம்ங்கறது அந்த இருப்புக்கு ஒரு காரணம். அமைச்சகத்துக்கு ஓட்டு. கோர்ட் தனி. நம்ம பக்கமும் அதே மாதிரி, கரையில இருந்து 12 கடல்மைல் வரைக்கும் மீன்பிடி மாநில அரசோட பொறுப்பு, அதுக்கு மேல மத்திய அரசு, வெளிநாட்டு பேச்சுவார்த்தை முழுக்க டெல்லி. படகு கடலுக்குப் போக டோக்கன் குடுக்கறதும் டீசல் மானியம் குடுக்கறதும் மாநில மீன்வளத்துறை. "அரசாங்கம்"னு ஒரே வட்டம் போட்டா எந்தக் கதவத் தட்டணும்னு தெரியாம எல்லாரும் டெல்லிக்கு மனு எழுதிக்கிட்டே இருப்போம்.

மண்டபம்_டைரி
இப்ப என் சார்ட்டுல பத்தொம்பது வட்டம் 😅 சுவர் முழுக்க ஆயிடுச்சு. ஏஜெண்ட்டுக்கும் ஓனருக்கும் தடிமனா கோடு, ஓனருக்கும் டிரைவருக்கும் ஒரு பக்கம் மட்டும் அம்புக்குறி. டிரைவர்ல இருந்து அந்தக் கரைக்கு ஒரு கோடும் போகல, அத பாத்ததும் நெஞ்சு கனமா ஆயிடுச்சு. தினமும் ராத்திரி ரெண்டு பேரும் சில நூறு மீட்டர் தூரத்துல இருக்காங்க.

மேடம்கிட்ட காட்டினேன். திருவிழாக் கூட்டத்த இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வந்தா சங்கத் தலைவருங்க வந்து பழைய அறிக்கைய படிப்பாங்க, அவங்க கையெழுத்து போட்டா டிரைவர் கட்டுப்பட மாட்டார், நாட்டுப்படகுக்காரர் வெளிய நிப்பார்னு அவங்களே சார்ட்ட பாத்து சொன்னாங்க. அதுக்குப் பதிலா மொதல்ல இந்தக் கரையில மட்டும் தனித்தனியா, டிரைவர்கள் மட்டும், நாட்டுப்படகுக்காரர் மட்டும், கருவாட்டு அக்காக்கள் மட்டும்னு உட்காரலாம்னு பேச்சு. வடமராட்சி அண்ணா சொன்ன ஒரு வருஷக் கணக்கையும் எழுதிட்டேன், அதனாலயே எங்க வேலை மெதுவா போறது எனக்கு சங்கடமா இருக்கு.

கரைவலை62
ஒரு எச்சரிக்கை. அந்தச் சுவர்ல ஆள் பேர் எழுதியிருந்தா இன்னைக்கே அழிங்க. எந்த ஏஜெண்ட் எந்தப் படகுக்கு காசு குடுத்தார்னு எழுதின தாள் போட்டோவா வாட்ஸ்அப்ல போனா, உங்ககிட்ட சொன்ன டிரைவருக்கு மறுநாள் படகு இருக்காது. வேலையின் பேர் மட்டும் போதும். அப்புறம் இத ஒரு தடவ போட்டுட்டு ஃப்ரேம் போட்டு மாட்டாதீங்க, 2018 தண்டச் சட்டத்துக்கு முன்னாடி போட்ட வரைபடம் அடுத்த வருஷமே செல்லாம போச்சு, டிரைவருக்குத் தண்டனை வந்தப்புறம் திரும்ப மாறிச்சு.

ஊராட்சி_செல்வம்
ஏஜெண்ட்ட யாராவது போய் பாத்தீங்களா? எங்க மதுரைக்காரர் மாதிரி அவர்தான் மடைன்னு எனக்குத் தோணுது.

கரைவலை62
ஏஜெண்ட்டுக்கு மேல எக்ஸ்போர்ட் கம்பெனி, அதுக்கு மேல வெளிநாட்டு வாங்கறவர். அங்க வரைக்கும் போனா நம்ம கைக்கு எட்டாது, ஏஜெண்ட்டோட நிறுத்தறதா வேண்டாமாங்கறதுல எனக்கும் என்கூட வேலை பாத்தவருக்கும் இன்னும் சண்டைதான். நான் ஏஜெண்ட்ட கூப்பிடணும்ங்கற கட்சி. ஏஜெண்ட் வந்தா டிரைவர் வாயத் திறக்க மாட்டார்ங்கறது அவர் கட்சி.

தங்கச்சிமடம்_பொண்ணு
உங்க கூட இருந்தவர் சொல்றதுதான் சரி. அப்பாகிட்ட இத எல்லாம் படிச்சுக் காட்டினேன். வர்றேன்னாங்க, ஓனரும் ஏஜெண்ட்டும் அந்த ரூம்ல இருக்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. இன்னும் நாலு டிரைவர கூட்டிட்டு வர்றாங்களாம். திங்கள், புதன், சனி படகு போற நாள், மறுநாள் காலையில வந்து ஏலம் முடிச்சு தூங்கிருவாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைங்க, அன்னைக்குத்தான் அப்பா முழுசா கரையில இருப்பாங்க.

மண்டபம்_டைரி
வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணி அக்கா. ஆபீஸ் வேண்டாம், நீங்க சொல்ற இடத்துக்கு நாங்க வர்றோம். பழுப்புத்தாளும் பேனாவும் மட்டும் எடுத்துட்டு வர்றேன், மொதல் புள்ளிய அப்பாவே வைக்கட்டும்.

வடமராட்சியான்
அந்தத் தாள முடிச்சால், பேர் இல்லாமல், எங்கட சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்புவீங்களோ எண்டு அந்த அப்பாவிட்டையே கேளுங்கோ. அவர் ஓம் எண்டால் மட்டும். எங்கட பக்கம் வலை விடுற ஆக்களிட்ட நானும் ஒரு தாள் விரிச்சுப் பாக்கிறன்.